படுக்கையில இருக்கற பெரியவங்களுக்கு தண்ணியா போகுதா, கட்டி அடைச்சு கசியுதா? சப்போசிட்டரி, எனிமா, பவுடர், கையால எடுக்கறது: எது எப்போ

நான் கடலூர்ல இருந்து பாகூர் வரைக்கும் வீடு வீடா போயி, படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்கற நர்ஸ். என்கிட்ட வர்ற போன்ல பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், "அக்கா, லூஸ் மோஷன் நிக்கவே மாட்டேங்குது, டயப்பர் மாத்தி மாத்தி முடியல." நான் திருப்பி கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இந்த தண்ணி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ கெட்டியா, நிறைய, நல்லா வெளிய போனாங்க? அங்கதான் அமைதி வரும். யோசிச்சு பாத்து "ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்க்கா"ன்னு சொன்னாங்கன்னா, அது பெரும்பாலும் லூஸ் மோஷனே இல்ல.

உள்ள நடக்கறது இதுதான். மலக்குடல்ல மலம் தங்கி தங்கி தண்ணிய எல்லாம் குடல் உறிஞ்சி கல்லு மாதிரி கெட்டி ஆயிடுது, படுத்தே இருக்கறவங்களுக்கு அத வெளிய தள்ள சக்தி இல்ல, மேல இருந்து புதுசா வர்ற தண்ணியான மலம் அந்த கட்டிய சுத்தி சந்துல வழிஞ்சு வெளிய வருது. கட்டி ரொம்ப நாளா உக்காந்து விரிச்சு வச்சதால ஆசனவாய் தசையும் தளர்ந்திருக்கும், உணர்வும் கம்மியாயிருக்கும், அதனால போறதே அவங்களுக்கு தெரியாது. நிஜமான வயித்துப்போக்குன்னா ஒரு நேரத்துக்கு நிறைய போகும். இது அப்படி இல்ல, கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா, பழுப்பு கலர்ல தண்ணியா இல்ல சளி மாதிரி, ரொம்ப நாத்தமா டயப்பர்ல ஒட்டிக்கிட்டே இருக்கும். கூடவே வயிறு உப்பி இருக்கும், சாப்பாடு வேணாம்னு வாய மூடிக்குவாங்க, மூத்திரம் சொட்டு சொட்டா போகும் இல்லன்னா அடைச்சிக்கும், ஞாபக மறதி இருக்கறவங்க காரணமே தெரியாம கத்துவாங்க, படுக்கைய புடிச்சு இழுப்பாங்க. வலின்னு சொல்ல தெரியாதவங்களுக்கு அதுதான் வலியோட அடையாளம்.

இந்த இடத்துல வீட்ல எல்லாரும் செய்யறது மெடிக்கல்ல போயி லூஸ் மோஷன் மாத்திரை கேக்கறது. கெடைக்கறது லோபரமைட். அது குடல் அசைவ குறைக்கற மாத்திரை. கசிவு ஒரு நாள் குறையும், உள்ள கட்டி இன்னும் பெருசாகும், அப்புறம் முன்னவிட அதிகமா கசியும். அதனால எத வச்சு கிளியர் பண்றதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இந்த மாத்திரைய நிறுத்தணும், அடைப்பு இல்லன்னு உறுதியாகற வரைக்கும் திரும்ப குடுக்கக்கூடாது.

வழிய தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும். கட்டி கீழயே இருக்கா மேல இருக்கா, அது கல்லா இல்ல களிமண்ணா. கிளவுஸ் போட்டு ஜெல் தடவி ஒரு விரல மெதுவா விட்டு பாத்தா தெரிஞ்சிடும், ஆனா இத பழகின நர்ஸோ டாக்டரோ செய்யறதுதான் நல்லது. விரல்ல ஒண்ணும் தட்டலன்னா அடைப்பு இல்லன்னு முடிவு கட்டாதீங்க, மேல குடல்ல இருக்கலாம், அத வயித்த தொட்டு பாத்தோ எக்ஸ்ரே எடுத்தோதான் டாக்டர் சொல்லுவார். இன்னொண்ணு, தண்ணியா போறவங்க எல்லாருக்கும் அடைப்புன்னும் இல்ல, ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலயோ இன்ஃபெக்ஷனாலயோ நிஜமாவே வயித்துப்போக்கு வந்திருக்கலாம், அவங்களுக்கு மலம் இளக்கற மருந்து குடுத்தா உடம்புல இருக்கற தண்ணி எல்லாம் போயிடும். அதான் முதல்ல பாக்கணும்னு சொல்றேன்.

இப்போ வழிகள ஒவ்வொண்ணா சொல்றேன்.

பின்னாடி வைக்கற மாத்திரை, அதாவது சப்போசிட்டரிதான் ரொம்ப சுலபம், ஆபத்தும் ரொம்ப கம்மி. ரெண்டு வகை இருக்கு. கிளிசரின் ஈரத்த இழுத்து வழுக்கல் குடுக்கும். பிசாகோடில் குடல் சுவர தூண்டி தள்ள வைக்கும், பெரியவங்களுக்கு 10 மில்லிகிராம். ரெண்டுமே பொதுவா கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை செய்யும். நிறைய வீட்ல இது பலிக்காம போறதுக்கு காரணம் மாத்திரைய மலத்துக்குள்ளயே குத்தி விட்டுடறாங்க. அது குடல் சுவர தொட்டு இருக்கணும், அப்போதான் கரைஞ்சு வேலை செய்யும். இடது பக்கமா படுக்க வச்சு, முட்டிய வயித்து பக்கம் மடக்கி, மாத்திரைய தண்ணியில நனைச்சு (வாஸ்லின் வேணாம், பிசாகோடில் கரையறத அது தடுக்கும்), ஓரமா சுவர் பக்கம் விரலால தள்ளி விடணும். நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயில்ல அலமாரில வச்ச கிளிசரின் சப்போசிட்டரி கொழகொழன்னு ஆயிடும், அதனால ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க. ஆனா இதுக்கு ஒரு எல்லை இருக்கு. கீழ முழுக்க கல்லா அடைச்சிருந்தா சுவர தொடவே இடம் இருக்காது, கல்ல இதால கரைக்கவும் முடியாது, வெறும் முறுக்கு வலிதான் வரும். களிமண் மாதிரி மெத்துனு இருந்தா இதுதான் என்னோட முதல் தேர்வு.

அடுத்து மெடிக்கல்ல மூக்கோட வர்ற ரெடிமேட் எனிமா பாட்டில், 100 மில்லி. இதுலதான் எனக்கு ரொம்ப பயம், ஏன்னா இதுதான் வீட்ல எல்லாருக்கும் ஈஸியா கெடைக்குது. உள்ள இருக்கறது சோடியம் பாஸ்பேட் உப்பு. போட்டதும் வெளிய வந்துட்டா பிரச்சனை இல்ல. அடைப்பு பெருசா இருந்து போட்டது உள்ளயே தங்கிட்டா பாஸ்பேட் ரத்தத்துல ஏறும், கால்சியம் விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், கிட்னி கெடலாம். 2014ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு, 24 மணி நேரத்துல ஒண்ணுக்கு மேல போடக்கூடாது, 55 வயசுக்கு மேல இருக்கறவங்க, கிட்னி நோய் இருக்கறவங்க, உடம்புல தண்ணி வத்தி இருக்கறவங்க, பிபிக்கு சில மாத்திரை, மூத்திரம் போக வைக்கற மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேட்டுட்டுதான் போடணும்னு. இத படிச்சு பாத்தீங்கன்னா, நம்ம வீட்ல படுக்கையில இருக்கற பாட்டி தாத்தாவோட வர்ணனையேதான் அது. அதனால எண்பது வயசுல படுக்கையில இருக்கறவங்களுக்கு டாக்டர் குறிப்பா சொன்னா மட்டும்தான் நான் போடுவேன். போட்டு அரை மணி நேரத்துல ஒண்ணுமே வெளிய வரலன்னா இன்னொண்ணு போடாதீங்க, டாக்டர கூப்பிடுங்க. வெதுவெதுப்பான நார்மல் சலைன ரப்பர் ட்யூப் வழியா கொஞ்சமா விடறது இதவிட பாதுகாப்பு, ஆனா அது நர்ஸ் கையால நடக்கணும். சோப்பு தண்ணி எனிமா வேணவே வேணாம், குடல் தோல் வெந்து புண்ணாகும்.

வாயால குடுக்கற பவுடர் மூணாவது வழி, பாலி எத்திலின் கிளைக்கால், பெக்னு சொல்லுவாங்க. இது குடல தூண்டாது, தண்ணிய புடிச்சு வச்சிக்கிட்டு கீழ வரைக்கும் கொண்டு போயி கல்ல ஊற வைக்கும். மேல வரைக்கும் அடைச்சிருக்கறவங்களுக்கு இதுதான் நல்லது. அடைப்புக்குன்னு பெரியவங்களுக்கு மருத்துவ புத்தகத்துல இருக்கற அளவு, 13.8 கிராம் பாக்கெட் எட்டு, ஒரு லிட்டர் தண்ணியில கலந்து ஆறு மணி நேரத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா, அதிகபட்சம் மூணு நாள். இதயம் வீக்கா இருக்கறவங்களுக்கு ஒரு மணி நேரத்துல ரெண்டு பாக்கெட்டுக்கு மேல கூடாது. ஒல்லியா நாப்பது கிலோ இருக்கற பாட்டிக்கு அவ்வளவும் குடிக்க முடியாது, டாக்டர்கள் பெரும்பாலும் குறைச்சு ஆரம்பிச்சு நாள் கூட்டுவாங்க, அத அவங்கதான் முடிவு பண்ணணும். மெடிக்கல்ல பெக்னு கேட்டா கொலோனோஸ்கோப்பிக்கு முன்னாடி குடல சுத்தமா கழுவற பெரிய பாக்கெட்ட தூக்கி குடுத்துடுவாங்க, அது வேற, பாத்து வாங்குங்க. விழுங்க கஷ்டம் இருக்கறவங்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு புரை ஏறாம இருக்க தண்ணியில மாவு சார்ந்த கெட்டிப் பவுடர் கலந்து குடுப்பாங்கல்ல, அதுல இந்த பெக் போட்டா கெட்டியானது திரும்ப தண்ணியாயிடும், நுரையீரலுக்குள்ள போயிடும். அவங்களுக்கு இந்த வழிய எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஒண்ணு எதிர்பாக்கணும், குடுத்த முதல் நாள் கசிவு ஜாஸ்தியாகும், பயந்து நிறுத்திடாதீங்க.

நாலாவது, கையால எடுக்கறது. யாருக்கும் புடிக்காது, ஆனா கீழ கல்லு உக்காந்திருக்கும்போது சில நேரம் வேற வழி கிடையாது. ரெண்டு கிளவுஸ், மரத்துப்போக வைக்கற லிக்னோகெயின் ஜெல் தடவி அஞ்சு நிமிஷம் காத்திருந்து, ஒரே விரலால ஓரத்துல இருந்து சின்ன சின்னதா உடைச்சு வளைச்சு எடுக்கணும். ஒரே தடவையில எல்லாத்தையும் எடுக்கணும்னு நினைக்கக்கூடாது, வழி விடற அளவுக்கு எடுத்தா போதும், மிச்சத்த மருந்து பாத்துக்கும். அந்த இடத்த அழுத்தும்போது சிலருக்கு நாடித்துடிப்பு சட்டுன்னு குறையும், மயக்கம் வரும், அதான் நடுநடுல நாடிய புடிச்சு பாக்கறது. வேர்த்து கொட்டினாலோ வலியில துடிச்சாலோ ரத்தம் வந்தாலோ உடனே நிறுத்தணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, கேன்சர் மருந்து ஏத்தினவங்க, கழுத்துலயோ மேல் முதுகுலயோ தண்டுவடம் அடிபட்டவங்க, இவங்களுக்கு வீட்ல யாரும் கைய வைக்காதீங்க. தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு பிபி பயங்கரமா ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம், அவங்களுக்கு அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்கதான் செய்யணும்.

விளக்கெண்ணெய பத்தி எல்லாரும் கேப்பாங்க, அதனால சொல்லிடறேன். கல்லு அடைச்சிருக்கும்போது விளக்கெண்ணெயோ நிலாவரையோ குடுத்தா குடல் பின்னாடி இருந்து பலமா தள்ளும், முன்னாடி கதவு மூடியிருக்கும், வலிதான் மிச்சம். படுத்துக்கிட்டே எண்ணெய் குடிக்க வச்சா புரை ஏறி நுரையீரலுக்கு போற ஆபத்தும் இருக்கு, லிக்விட் பாரஃபின் கலந்த சிரப்புக்கும் அதேதான். இசப்கோல், கீரை, கம்பங்கூழ் எல்லாம் அடைப்பு இருக்கும்போது கட்டிய இன்னும் பெருசாக்கும், அது அடைப்பு எடுத்த அப்புறமா பாக்க வேண்டிய விஷயம்.

ஆல்பேட்டை பக்கம் ஒரு பாட்டி, எண்பது வயசு, பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, உடம்பு தாங்காதுன்னு ஆபரேஷன் பண்ணாம படுக்கையிலயே இருந்தாங்க. வலிக்கு ட்ரமடால், ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை, எலும்புக்கு கால்சியம், பிபிக்கு டெல்மிசார்டன். முதல் மூணுமே மலத்த கட்டற மாத்திரைங்க. மூத்திரம் போனா துணி மாத்தணும்னு பாட்டி தண்ணியும் குடிக்க மாட்டாங்க. மருமகதான் பாத்துக்கறாங்க. "அக்கா, அத்தைக்கு மூணு நாளா நிக்காம போகுது, மெடிக்கல்ல மாத்திரை வாங்கி குடுத்தோம், ஒரு நாள் நின்னுச்சு, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு"ன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒன்பது நாளா சரியா போகலன்னு கேலண்டர பாத்து சொன்னாங்க. வயிறு உப்பி இருந்துச்சு, இடது கீழ் பக்கம் தொட்டா கட்டி கட்டியா கையில தட்டுச்சு, ஆனா வயிறு பலகை மாதிரி இறுகல, வாந்தி இல்ல, ஜுரம் இல்ல, காத்து போகுது. விரல்ல பாத்தா நெல்லிக்கா சைஸ்ல கல்லு அடுக்கு. பழைய ரிப்போர்ட்ல கிரியேட்டினின் ஏறி இருந்துச்சு.

டாக்டர்கிட்ட போன்ல பேசி இப்படி முடிவாச்சு. கிட்னி, டெல்மிசார்டன், தண்ணி குடிக்காத உடம்பு, இந்த மூணும் சேர்ந்ததால பாஸ்பேட் எனிமா வேணாம். கல்லா இருக்கறதால வெறும் சப்போசிட்டரி பத்தாது. அதனால முதல்ல ஜெல் போட்டு கீழ இருக்கறத மட்டும் உடைச்சு எடுத்தோம், பாட்டி முகத்த சுளிச்சப்போ எல்லாம் நிறுத்தி நாடி பாத்தோம். அன்னைக்கே பெக் பவுடர் குறைஞ்ச அளவுல, தலைமாட்ட நல்லா தூக்கி வச்சு, டம்ளர் டம்ளரா. ராத்திரி கசிவு அதிகமாச்சு, மருமக பயந்துட்டாங்க, ஆனா தண்ணியோட சின்ன சின்ன கட்டியும் வந்துச்சு, அதுதான் நமக்கு வேணும். வெறும் தண்ணி மட்டும் வந்து கட்டியே வரலன்னா கிளியர் ஆகலன்னு அர்த்தம். மறுநாள் மேல இருந்தது இறங்கி மெத்துனு ஆனப்புறம் ஒரு பிசாகோடில் சப்போசிட்டரி வச்சோம், முக்கால் மணி நேரத்துல ரெண்டு டயப்பர் நெறைய போனாங்க. அடுத்த நாளும் போச்சு. வயிறு தளர்ந்துச்சு, மூத்திரம் தாராளமா போச்சு, பாட்டியே கஞ்சி கேட்டாங்க. கசிவு தானா நின்னுச்சு, அதுக்குன்னு ஒரு மாத்திரையும் குடுக்கல. அந்த ரெண்டு மூணு நாளும் ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு க்ரீம் தடவினதால தோல் புண்ணாகாம தப்பிச்சுச்சு.

இந்த பாட்டிய வீட்டுலயே வச்சு பாக்க முடிஞ்சதுக்கு காரணம் ஆபத்து அடையாளம் ஒண்ணும் இல்லாததுதான். வாந்தி, காத்துகூட போகாதது, வயிறு இறுகி தொட்டா வலிக்கறது, ஜுரம், ரத்தம், திடீர்னு மந்தமாகறது, மூத்திரம் முழுசா அடைக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் மேல சொன்ன எந்த வழியும் வேணாம், எதையும் வாயால குடுக்காதீங்க, 108க்கு போன் பண்ணி மஞ்சக்குப்பம் ஜிஎச்சுக்கோ ஜிப்மருக்கோ கூட்டிட்டு போங்க. கல்லு ரொம்ப நாள் அழுத்தினா குடல் சுவர் புண்ணாகி ஓட்டை விழும், அது எமர்ஜென்சி. வீட்ல செஞ்சு ரெண்டு மூணு நாள்ல கட்டி வரலன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.

எடுத்து முடிச்சதோட விட்டா அதே அடைப்பு திரும்ப வரும். காரணமான மாத்திரைய டாக்டர்கிட்ட காட்டி குறைக்கணும், இந்த பாட்டிக்கு இரும்பு மாத்திரைய மாத்தி குடுத்தாங்க, ட்ரமடால நிறுத்த முடியல, அதனால அத சாப்பிடற வரைக்கும் தினமும் மலம் இளக்கற மருந்தும் கூடவே ஓடணும். தினசரிக்கு எதுன்னா, பெக் ஒரு பாக்கெட்டா லாக்டுலோஸ் சிரப்பா? லாக்டுலோஸ் எல்லா மெடிக்கல்லயும் கெடைக்கும், இனிப்பா இருக்கறதால அடம் புடிக்காம குடிப்பாங்க, ஆனா வேலை செய்ய ஒரு ரெண்டு நாள் எடுக்கும், காத்து நிறைய வரும், ஏற்கனவே வயிறு உப்பற ஆளுக்கு தொந்தரவு. பெக்ல காத்து கம்மி, ஆனா ஒரு டம்ளர் தண்ணியோட முழுசா குடிக்கணும். நல்லா விழுங்கறவங்களுக்கு நான் பெக்தான் சொல்லுவேன், விழுங்க கஷ்டம் இருந்தா லாக்டுலோஸ். இசப்கோல் படுக்கைக்காரங்களுக்கு வேணாம், தண்ணி நிறைய குடிக்கறவங்களுக்குதான் அது சரிப்படும். பப்பாளி, கொய்யா, மசிச்ச கீரை எல்லாம் தண்ணி இறங்கற அளவுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. தண்ணி நாளைக்கு ஒன்னேகால் ஒன்னரை லிட்டர், இதயத்துக்கோ கிட்னிக்கோ டாக்டர் அளவு கட்டியிருந்தா அந்த அளவு மட்டும்.

மருந்தவிட நேரம் ரொம்ப உதவும். காலையில காபியோ கஞ்சியோ குடிச்சு இருவது முப்பது நிமிஷத்துல குடல் தானா அசையும், அந்த நேரத்துல கமோடு சேர்ல உக்கார வைக்க முடிஞ்சா உக்கார வச்சு, காலுக்கு கீழ ஒரு மனை போட்டு முட்டிய தூக்கி வைங்க. உக்கார முடியாதவங்கள இடது பக்கம் திருப்பி முட்டிய மடக்கி விடுங்க. கேலண்டர்ல அந்தந்த தேதியில போச்சா, எவ்வளவு, கெட்டியா தண்ணியான்னு எழுதுங்க, வெறும் கசிவ போனதா கணக்குல சேக்காதீங்க. மூணாவது நாளும் ஒண்ணும் இல்லன்னா காத்திருக்காம ஒரு சப்போசிட்டரி, அதுக்கும் வரலன்னா நர்ஸுக்கு போன். கடலூர் மாவட்டத்துல இருக்கறவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேர் குடுங்க, 2021ல ஆரம்பிச்ச அந்த திட்டத்துல படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபியும் வர்றதும் உண்டு. நர்ஸ் வரும்போது அந்த கேலண்டரையும் மொத்த மாத்திரை பையையும் எடுத்து முன்னாடி வைங்க.